கடைப் பலகையில் சிலேடை: சில கேள்விகள்

*புதுமண்டபம் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை அண்ணே. "கட்டுக் கட்டாய்க் கட்டு, கட்டுப்படியாகும் கட்டு" என்று எழுதக் கொடுத்தேன். பெயிண்டருக்கே புரியவில்லையாம்.*

சொல் நல்ல சொல்தான் தம்பி. சேலையைக் கட்டலாம், விலையும் கட்டுப்படியாகும். இரண்டுமே உங்கள் கடைக்குப் பொருந்துகிறது. ஆனால் "கட்டுக் கட்டாய்" என்றதும் ரூபாய் நோட்டு ஞாபகம் வருகிறது, படிப்பவர் அங்கேயே நின்றுவிடுகிறார். "கட்டிப் பாருங்கள், கட்டுப்படியாகும்" என்று சுருக்குங்கள். சிலேடையைக் கவனிக்காதவருக்கும் இது ஓர் அழைப்பாகப் புரியும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

துணியை நூலால் கட்டிச் சாயத்தில் முக்குவதால்தானே சுங்குடியில் புள்ளி விழுகிறது, அந்தக் கட்டையும் சேர்க்கலாமே என்று ஆசை வரும். வேண்டாம். பைக்கில் போகிறவருக்கு இரண்டு அர்த்தமே அதிகம். அப்புறம், கடை எதுவென்று சொல்லாமல் வரியை மட்டும் ஒருவரிடம் ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். "என்னது?" என்று திருப்பிக் கேட்டால் வரியை மாற்றுங்கள்.

*ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பா பாடினார், ரசித்தார்கள். இன்றைக்கு மட்டும் ஏன் இவ்வளவு எளிமை?*

அந்த வெண்பாவின் கடைசி அடியைப் பாருங்கள் ஐயா. பாம்பு, எள் என்று இரண்டையும் அவரே பெயர் சொல்லி முடிக்கிறார். அவ்வளவு பெரிய புலவரே கேட்பவரை ஊகத்தில் விடவில்லை. கடைக்காரர் அந்த வேலையைச் சேலைப் படத்தாலோ கடைப் பெயராலோ செய்யலாம்.

*ழ, ள மாற்றினாலே சிலேடைதானே? ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லப் போகிறோம்.*

மைக்குக்குச் சரி. நம்ம ஊர்ப் பேச்சில் பலர் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது. அதையே நோட்டீஸில் அச்சடித்தால் எழுத்துப் பிழை என்பார்கள். தலைகீழாகவும் நடக்கும். நாட்டிய வகுப்புக்கு "பாவம் கற்க வாருங்கள்" என்று எழுதினால், நீங்கள் நினைப்பது முகபாவம். படிப்பவர் "அடப் பாவமே" என்பார். எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. இங்கே தவறான அர்த்தம்தான் முந்திக்கொண்டு வருகிறது, அதனால் எடுத்துவிடுங்கள்.

*"மதுரை பரோட்டா, வாங்க கூட்டா!" என் கடைச் சிலேடை எப்படி?*

இதில் இரண்டு அர்த்தம் இல்லையே, கடைசி ஓசைதான் ஒன்றுகிறது. அது இயைபு. பரோட்டாக் கடைக்கு அது போதும், அப்படியே வையுங்கள்.

*அக்கா பல் டாக்டர். "பல்லாண்டு வாழ்க" என்று எழுதி, "பல்" மட்டும் சிவப்பில் காட்டலாமா?*

வரி அருமை. பிரிக்காமல் படித்தாலே வாழ்த்தாக நிற்கிறது, கிளினிக் பலகை பல்லை ஞாபகப்படுத்திவிடும். சிவப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை, படிப்பவர் தானே கண்டுபிடிக்கும் சந்தோஷம் போய்விடுகிறது. ஆனால் என்னோடு வேலை பார்க்கும் ஓவியர், சிவப்பு இல்லாவிட்டால் பாதிப் பேர் தாண்டிப் போய்விடுவார்கள் என்று அடித்துச் சொல்கிறார். நோட்டீஸில் இரண்டு விதமாகவும் அடித்து, வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.