கட்டாய நெறிகளும் எல்லா நாடுகளுக்கும் உரிய கடமைகளும்: காம்பியா மியான்மர் மீது தொடுத்த வழக்கை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: ஜஸ் கோஜென்ஸ், எர்கா ஆம்னெஸ் இரண்டும் ஒன்றுதானா? சாதாரண சர்வதேச விதிகளிலிருந்து இவை எப்படி வேறுபடுகின்றன? எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கும் காம்பியா எப்படி மியான்மர் மீது வழக்குப் போட முடிந்தது?

இரண்டும் ஒன்றல்ல. ஒரு விதியை நாடுகள் தமக்குள் பேசி ஒதுக்கிவைக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. அதற்கு விடை தருவது ஜஸ் கோஜென்ஸ், அதாவது கட்டாய நெறி. அந்த விதி மீறப்பட்டால் தட்டிக் கேட்கும் உரிமை யாருக்கு என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தருவது எர்கா ஆம்னெஸ், அதாவது உலக நாடுகள் அனைத்துக்கும் உரிய கடமை. பல வேளைகளில் ஒரே விதிக்கு இந்த இரண்டு தன்மைகளும் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. இவற்றோடு மூன்றாவதாக, அந்த மீறலை எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்ற கேள்வியும் உண்டு. அதற்கு இவை இரண்டுமே விடை தருவதில்லை. சட்டம் படித்தவர்களே சறுக்குவது பெரும்பாலும் இந்த மூன்றாவது இடத்தில்தான்.

சாதாரண விதிகள் எப்படி இயங்குகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தூதருக்கு அவர் பணிபுரியும் நாட்டின் நீதிமன்றங்களிலிருந்து பாதுகாப்பு உண்டு. ஆனால் அவரை அனுப்பிய நாடு விரும்பினால் அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கலாம். மீறல் நடந்தாலும் அது அந்த இரண்டு நாடுகளுக்கு இடையிலான விவகாரமாகவே கருதப்படும். மூன்றாவது நாடு ஒன்று வந்து ஈடு கேட்டால் உனக்கென்ன வந்தது என்ற பதில்தான் கிடைக்கும். பன்னாட்டுச் சட்டத்தின் பெரும்பகுதி இப்படித்தான், கொடுக்கல் வாங்கல் போல, இரு தரப்பின் சம்மதத்தின் மேல் நிற்கிறது.

கட்டாய நெறி இந்தச் சம்மதத்துக்குக் கட்டுப்படாதது. ஒப்பந்தங்களின் சட்டம் குறித்த 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, 53ஆம் பிரிவில், இத்தகைய நெறிக்கு முரணாகச் செய்யப்படும் ஒப்பந்தம் செய்யப்பட்ட கணத்திலேயே செல்லாது என்கிறது. 64ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பின்னால் புதிதாக ஒரு கட்டாய நெறி உருவானால் அதற்கு முரணாக ஏற்கெனவே இருக்கும் ஒப்பந்தமும் அத்தோடு முடிந்துவிடும் என்கிறது. எந்தெந்த நெறிகள் இந்த வகையைச் சேர்ந்தவை என்று உடன்படிக்கை பட்டியல் போடவில்லை. நாடுகளின் சமூகம் முழுமையும் விலக்கற்றது என்று ஏற்றிருக்க வேண்டும் என்ற அளவுகோலை மட்டும் தருகிறது. ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2022இல், முற்றுப்பெறாதது என்ற குறிப்போடு, ஆக்கிரமிப்புப் போர், இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், இனப்பாகுபாடும் நிறவெறி ஆட்சியும், அடிமைமுறை, சித்திரவதை ஆகியவற்றின் தடைகளையும், போர்க்கால மனிதநேயச் சட்டத்தின் அடிப்படை விதிகளையும், சுயநிர்ணய உரிமையையும் ஒரு பட்டியலாகத் தந்தது.

இந்த நெறியால் ஓர் ஒப்பந்தம் எப்படிச் சாகும் என்பதை நேரடியாகக் காட்டும் வழக்குகள் மிகக் குறைவு. எனக்குப் பிடித்தது சுரிநாம் நாட்டிலிருந்து வந்தது. 1987இல் அந்நாட்டுப் படையினர் சரமாக்கா இனத்தைச் சேர்ந்த ஏழு பேரைக் கொன்றார்கள். தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் குடியேறிய ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் சரமாக்கா மக்கள். வழக்கு அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனபோது, இறந்தவர்களின் வாரிசுகள் யார் என்பதை அவர்களுடைய சொந்த வழக்கப்படியே முடிவு செய்ய வேண்டும் என்று வாதிட, 1762இல் டச்சுக்காரர்கள் அவர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று ஆதாரமாக முன்வைக்கப்பட்டது. சரமாக்காக்களின் தன்னாட்சியை அது ஏற்றுக்கொண்டது என்பது வாதம். நீதிபதிகள் அந்த உடன்படிக்கையை எடுத்துப் படித்தார்கள். தப்பி வரும் அடிமைகளைப் பிடித்து ஆளுநரிடம் ஒப்படைக்க வேண்டும், தலைக்கு 10 முதல் 50 புளோரின் வரை கூலி தரப்படும் என்று அதிலேயே எழுதியிருந்தது. 1993இல் வந்த தீர்ப்பில், இது சர்வதேச ஒப்பந்தமா இல்லையா என்று ஆராயவே வேண்டியதில்லை, ஒப்பந்தமாகவே இருந்தாலும் பின்னால் எழுந்த கட்டாய நெறியின் முன் இன்று அது செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தங்களுக்குச் சாதகமான பகுதியை மட்டும் பிரித்தெடுத்துப் பயன்படுத்திக்கொள்ள அந்த மக்களாலும் முடியவில்லை. இந்த நெறி எவ்வளவு முரட்டுத்தனமாக வேலை செய்யும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் இதுவரை எந்த ஒப்பந்தத்தையும் இந்தக் காரணத்துக்காகச் செல்லாது என்று அறிவித்ததில்லை. இனப்படுகொலை செய்வோம் என்று எந்த நாடும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திடுவதில்லை என்பதால் இதில் வியப்பும் இல்லை. ஆகவே கட்டாய நெறியின் அன்றாட வலிமையை ஒப்பந்தச் சட்டத்தில் தேடுவதைவிட அரசுகளின் பொறுப்பு குறித்த சட்டத்தில் தேடுவதே சரி என்பது என் கருத்து. சாதாரண விதியை மீறிய நாடு, வேறு வழியில்லாத அவசரம் என்றோ, எதிராளி முதலில் மீறினான் என்றோ சில நேரங்களில் தப்பித்துக்கொள்ளலாம். கட்டாய நெறியை மீறியதற்கு இந்தச் சாக்குகள் எதுவும் எடுபடா. மீறல் கடுமையானதாக இருந்தால் மற்ற எல்லா நாடுகளுக்கும் கடமை பிறக்கிறது: அதனால் உண்டான நிலைமையைச் சட்டப்படியானது என்று அங்கீகரிக்கக் கூடாது, அது நீடிக்க உதவவும் கூடாது.

இனி தட்டிக் கேட்கும் உரிமைக்கு வருவோம். தென்மேற்கு ஆப்பிரிக்காவில், அதாவது இன்றைய நமீபியாவில், தென்னாப்பிரிக்கா நடத்திய நிறவெறி ஆட்சிக்கு எதிராக எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தொடுத்த வழக்கு 1966இல் தள்ளுபடியானது. வாக்குகள் ஏழுக்கு ஏழு என்று நிற்க, தலைமை நீதிபதியின் தீர்மான வாக்கால், அந்த இரண்டு நாடுகளுக்கும் இதில் சொந்தச் சட்ட உரிமை எதுவும் இல்லை என்று முடிவானது. அதனால் எழுந்த கோபம் அடங்கும் முன், 1970இல், பார்சலோனா டிராக்‌ஷன் என்ற மின்சாரக் கம்பெனியின் வழக்கில் நீதிமன்றம் வேறு குரலில் பேசியது. கம்பெனி கனடாவில் பதிவானது, தொழில் ஸ்பெயினில், பங்குதாரர்கள் பெரும்பாலும் பெல்ஜியர்கள். ஸ்பெயினில் அது திவாலாக்கப்பட்டதை எதிர்த்து வழக்காட பெல்ஜியத்துக்கு உரிமை இல்லை, அந்த உரிமை கனடாவுக்கே என்பதுதான் தீர்ப்பு. ஆனால் அதைச் சொல்லும் வழியில், இப்படி இரு நாடுகளுக்கு இடையே நிற்கும் கடமைகள் வேறு, சர்வதேசச் சமூகம் முழுமைக்கும் உரிய கடமைகள் வேறு என்று பிரித்து, ஆக்கிரமிப்பு, இனப்படுகொலை, அடிமைமுறை, இனப்பாகுபாடு ஆகியவற்றை இரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது. உரிமை இல்லை என்று ஒரு நாட்டைத் திருப்பி அனுப்பிய தீர்ப்பிலேயே எல்லோருக்கும் உரிமை தரும் கோட்பாடு பிறந்தது சட்ட வரலாற்றின் குறும்பு.

அந்தக் கோட்பாடு முழு உருவில் வேலை செய்ததைக் காம்பியாவின் வழக்கில் பார்க்கலாம். ரோஹிங்கியாக்களுக்கு எதிரான நடவடிக்கைகள் இனப்படுகொலைத் தடை உடன்படிக்கையை மீறுகின்றன என்று காம்பியா 2019 அக்டோபர் 11 அன்று மியான்மருக்குத் தூதரகக் குறிப்பு அனுப்பியது. பதில் வரவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 11 அன்று, வழக்கைப் பதிவு செய்தது. அந்தக் குறிப்பு வெறும் மரியாதைக்கு அனுப்பப்பட்டதல்ல. இரு நாடுகளுக்கும் இடையே தகராறு ஒன்று இருக்கிறது என்று காட்டினால்தான் வழக்கே நிற்கும்.

மியான்மரின் ஆட்சேபங்களில் முக்கியமானது, காம்பியாவுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்பது. அகதிகளைச் சுமக்கும் வங்கதேசம்தான் பாதிக்கப்பட்ட நாடு. அந்த நாடோ உடன்படிக்கையின் 9ஆம் பிரிவுக்கு, அதாவது தகராறுகளைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லும் பிரிவுக்கு, தன் சம்மதமின்றி அந்தப் பிரிவு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று விலக்கு எழுதிக்கொடுத்துத்தான் சேர்ந்தது. அது வர முடியாத வழியில் காம்பியா எப்படி வரலாம் என்று மியான்மர் கேட்டது. 2022 ஜூலை 22 அன்று நீதிமன்றம் இந்த ஆட்சேபத்தை 15க்கு 1 என்ற வாக்கில் நிராகரித்தது. இந்த உடன்படிக்கையில் எந்த நாட்டுக்கும் தனி ஆதாயம் கிடையாது, இனப்படுகொலை நடக்காமல் இருக்க வேண்டும் என்ற பொது அக்கறை மட்டுமே எல்லோருக்கும் உண்டு. ஆகவே உறுப்பு நாடு எதுவும், தனக்குச் சிறப்பான பாதிப்பு இருப்பதாகக் காட்டாமலேயே, இன்னோர் உறுப்பு நாட்டைப் பொறுப்பேற்கச் சொல்லலாம் என்பது அதன் தர்க்கம்.

இங்கே ஒரு நுணுக்கத்தைத் தவறவிடக் கூடாது. நீதிமன்றம் பயன்படுத்தியது உலகுக்கே உரிய கடமை என்ற அகன்ற கருத்தை அல்ல. உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் உரிய கடமை என்ற குறுகிய கருத்தை. அதற்கு எர்கா ஆம்னெஸ் பார்ட்டெஸ் என்று பெயர். சித்திரவதை வழக்கில், செனகலில் தஞ்சம் புகுந்திருந்த சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹிஸ்ஸேன் ஹாப்ரேவை விசாரிக்கவோ ஒப்படைக்கவோ கோரி செனகல் மீது பெல்ஜியம் தொடுத்த வழக்கிலும், 2012இல், இதே கருத்துதான் கைகொடுத்தது.

சரி, 9ஆம் பிரிவுக்கே விலக்கு எழுதிக்கொடுத்த நாட்டின் மீது வழக்குத் தொடர்ந்தால் என்ன ஆகும்? இதற்குக் காங்கோ ஜனநாயகக் குடியரசு ருவாண்டா மீது தொடுத்த வழக்கில் 2006இல் விடை கிடைத்தது. இனப்படுகொலைத் தடை கட்டாய நெறி, ஆகவே அதற்கான நீதிமன்றத்தைத் தவிர்க்கும் ருவாண்டாவின் விலக்கு செல்லாது என்று காங்கோ வாதிட்டது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும் வாதம். அந்தத் தடை கட்டாய நெறிதான் என்று நீதிமன்றம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆனாலும் வழக்கை ஏற்கவில்லை. இனப்படுகொலை செய்யக் கூடாது என்ற கடமையை அந்த விலக்கு தொடவில்லை, யார் விசாரிப்பது என்பதை மட்டுமே தொடுகிறது. நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு ஒரு நாடு சம்மதித்தே ஆக வேண்டும் என்று சொல்லும் கட்டாய நெறி எதுவும் இல்லை என்றது. அப்போது இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோர் குறித்துப் போர்ச்சுகல் ஆஸ்திரேலியா மீது தொடுத்த வழக்கிலும், 1995இல், சுயநிர்ணய உரிமை எல்லோருக்கும் உரிய கடமை என்று ஏற்றுக்கொண்ட அதே தீர்ப்பு, இந்தோனேசியாவின் நடத்தையை அதன் சம்மதமின்றி எடைபோட முடியாது என்று வழக்கை நிறுத்திவிட்டது.

காம்பியாவால் முடிந்ததற்கு இதுவே மறுபாதி விளக்கம்: மியான்மர் வேறு பிரிவுகளுக்கு விலக்கு எழுதியிருந்ததே தவிர 9ஆம் பிரிவுக்கு எழுதவில்லை. இந்தியா 1959இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தபோது, 9ஆம் பிரிவின் கீழ் ஒரு தகராறு ஹேக் போக வேண்டுமானால் ஒவ்வொரு வழக்கிலும் எல்லாத் தரப்பினரின் சம்மதமும் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. அதனால் இந்தியாவின் கடமை ஒரு துளியும் குறைவதில்லை. ஆனால் காம்பியா நுழைந்த வழியில் இந்தியா மீது யாரும் வழக்குத் தொடரவும் முடியாது, இந்தியா அந்த வழியில் இன்னொரு நாட்டை இழுக்கவும் முடியாது. விலக்கு எழுதியவருக்கு எதிராக அதே விலக்கை எதிராளியும் பயன்படுத்திக்கொள்ளலாம்.