யாழ்ப்பாணத்தில் மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கு மாதச் சம்பளச் செலவு

"பலசரக்குக் கடை, மூன்று பேர். கணக்குப் பார்ப்பவருக்கு 45,000, விற்பனையில் நிற்பவருக்கு 35,000. உதவிக்கு நிற்கும் தம்பிக்குக் கையில் 30,000, மதியச் சாப்பாடும் கடையில்தான். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். ஈ.பி.எப், ஈ.ரி.எப் எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு போகும்?"

ஏறத்தாழ 1,48,300 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்களை இடறவைக்கப்போவது அந்தத் தம்பியின் கணக்குத்தான்.

ஈ.பி.எப்புக்கு முதலாளி 12%, வேலை செய்பவர் 8%. ஈ.ரி.எப் 3%, அது முழுக்க முதலாளியுடையது. சம்பளத்தில் கழிக்க முடியாது. ஒரே ஒருவர் வேலைக்கு நின்றாலும் இரண்டும் கட்டவேண்டும். ஆகவே பேசிய சம்பளத்துக்கு மேல் உங்களுக்கு 15% கூடும். அவருக்கு 8% குறையும். கணக்குப் பார்ப்பவரால் கடைக்கு 45,000 × 1.15, அதாவது 51,750 செலவு. அவர் கையில் வாங்குவது 41,400. விற்பனையில் நிற்பவருக்கு 40,250 போகும், கையில் 32,200.

இந்த இருவரிடமும் சம்பளம் பேசும்போதே 8% கழியும் என்று சொல்லிவிடுங்கள். முதல் மாதச் சம்பளத்தை எண்ணிப் பார்க்கும்போதுதான் பல கடைகளில் மனக்கசப்பு தொடங்குகிறது.

தம்பிக்குக் கையில் 30,000 என்று சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் 8% கழித்த பிறகும் 30,000 நிற்க வேண்டும். சாப்பாட்டை விட்டுப் பார்த்தால் 30,000 ÷ 0.92 = 32,609 ரூபாய்தான் அவருடைய சம்பளம். அதன்மேல் உங்கள் 15% ஏறினால் 37,500. கவனித்தீர்களா, சரியாக 30,000உம் அதன் கால் பங்கும். 1.15ஐ 0.92ஆல் வகுத்தால் 1.25 வருவதால், எந்தத் தொகைக்கும் இது பொருந்தும். ஒருவர் "கையில் இவ்வளவு தாங்கோ" என்று கேட்கும்போது அங்கேயே கால் பங்கைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம்.

இப்போது சாப்பாடு. கடை கொடுக்கும் உணவின் பெறுமதியும் ஈ.பி.எப் சட்டத்தில் சம்பாத்தியம்தான். சமைத்ததென்றாலும் சரி, அரிசி பருப்பாகக் கொடுத்தாலும் சரி. சின்னக் கடைகளில் அதிகம் விடுபடுவது இதுதான். ஒரு சாப்பாடு 300 ரூபாய், 25 நாள் என்றால் மாதம் 7,500. அதற்கும் 8% கழிந்தால் 600 ரூபாய் குறைந்து அவர் கைக்கு 29,400தான் போகும். சொன்ன சொல் நிற்க வேண்டுமென்றால் ஏட்டில் அவருடைய சம்பளத்தை 33,261 என்று எழுதுங்கள். அதன்பின் மொத்தச் செலவு:

```
(30,000 + 7,500) × 1.25 = 46,875
```

இதற்குள் சாப்பாட்டுச் செலவும் அடக்கம். மூவருக்கும் சேர்த்து 51,750 + 40,250 + 46,875 = 1,38,875.

தனியார் கடைக்குப் போனஸ் சட்டக் கட்டாயம் இல்லை, நீங்கள் கொடுத்த வாக்குத்தான். போனஸுக்கு ஈ.பி.எப், ஈ.ரி.எப் கிடையாது. மூவரின் சம்பளமும் 1,13,261. பன்னிரண்டால் வகுத்தால் 9,438. அதைக் கூட்டினால் 1,48,313. இந்த 9,438ஐ மாதாமாதம் வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். தீபாவளிக்குச் சரக்கு இறக்கும் அதே வாரத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் ரொக்கம் தேடுவது கடினம். இடையில் சேர்ந்தவருக்கு வேலை செய்த மாதங்களுக்கு மட்டும் கொடுப்பதென்றால் (ஐந்து மாதமென்றால் பன்னிரண்டில் ஐந்து பங்கு) அதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். ஆனால் போனஸைப் பிரித்து மாதாமாதம் படியாகச் சம்பளத்தோடு கொடுக்காதீர்கள். அது சம்பளமாகவே கணக்கிடப்பட்டு 15% ஏறக்கூடும்.

பண்டிகை நேரத்து ஓ.ரி தனி. 35,000 ÷ 240 × 1.5 = மணிக்கு 218.75 ரூபாய். வாரத்துக்கு 12 மணித்தியாலம்தான் உச்சம், ஆகவே ஒரு வாரத்துக்கு 2,625. இதற்கும் ஈ.பி.எப் இல்லை.

இரண்டு நிதிகளையும் அடுத்த மாத முடிவுக்குள் கட்டவேண்டும். ஈ.பி.எப்பில் உங்கள் 12%உம் அவர்களிடம் கழித்த 8%உம் சேர்ந்தே போகும். இரண்டையும் கட்டும் பொறுப்பு உங்களுடையது. பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5%இல் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50% வரை ஏறும். கழித்த 8%ஐக் கல்லாவில் வைத்துச் சரக்குக்குப் புரட்ட வேண்டாம், அது அவர்களுடைய காசு.

2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000. தம்பியின் 33,261 அதற்கு மேலே நிற்கிறது. பணிக்கொடைச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கானது என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.