கணக்கு எழுதுகிறவரின் ரெஸ்யூமேயில் என்ன எண்?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு, ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனத்தில் ஆறு வருடமாக அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்டாக இருக்கிறேன். நாற்பது இடங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பினேன். இரண்டு இடங்களில்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு வரியையும் வினைச்சொல்லில் தொடங்கு, பலனை எண்ணில் காட்டு என்கிறார் நண்பர். விற்பனையில் இருப்பவர்களுக்கு அது சரி. கணக்கு எழுதுகிறவனுக்கு என்ன எண் இருக்கிறது? இல்லாததை எழுதச் சொல்கிறீர்களா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இல்லாததை எழுத வேண்டாம். இருப்பதையே நீங்கள் எழுதவில்லை, அதுதான் என் குறை.

கடிதத்தோடு ரெஸ்யூமேயையும் அனுப்பியது நல்லதாயிற்று. அதில் 14 வரிகள் இருக்கின்றன. ஒன்பது 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' என்று தொடங்குகின்றன, மீதி ஐந்து 'இன்வால்வ்ட் இன்' என்று. பார்ட்டி பாக்கி, ஜிஎஸ்டி, பேங்க் வேலைகளுக்குப் பொறுப்பு என்றால் அது அந்த நாற்காலிக்கு உரிய வேலை. உங்களுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவரும் அதையே எழுதலாம். வேலையைக் கெடுத்துவிட்டுப் போனவரும் எழுதலாம். நீங்கள் உட்கார்ந்ததால் அங்கே என்ன மாறியது என்பது 14 வரியில் ஒன்றில்கூட இல்லை.

முதலில் வினைச்சொல். ஆங்கில வினைச்சொல் பட்டியலைத் தேடிப் போகாதீர்கள். ஒவ்வொரு வேலையையும் தமிழில் ஒரு முழு வாக்கியமாக, தன்மையில் எழுதிப் பாருங்கள். நம் மொழியில் வினை கடைசியில் வரும்: சரிபார்த்தேன், தொடங்கினேன், குறைத்தேன், தாக்கல் செய்தேன். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் ஆங்கில வரியின் முதல் சொல்லாகக் கொண்டுபோக வேண்டும். 'பார்த்துக்கொண்டேன்', 'கவனித்தேன்' என்று முடிந்தால் அதன் ஆங்கிலம் 'ஹேண்டில்ட்'. அதுவும் வினைதான், ஆனால் எதையும் சொல்லாத வினை. அங்கே நிறுத்தி, பார்த்துக்கொண்டு என்ன செய்தேன் என்று உங்களையே கேளுங்கள். வாக்கியம் 'செய்யப்பட்டது' என்று முடிந்தால், யார் செய்தார் என்று கேளுங்கள்.

இனி எண். உங்கள் கடிதத்தின் மூன்றாவது பத்தியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், திங்கட்கிழமைதோறும் பார்ட்டி வாரியாக எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்று பட்டியல் எடுத்து, விற்பனைப் பையன்கள் லைனுக்குக் கிளம்பும் முன் அவர்கள் கையில் கொடுக்க ஆரம்பித்தீர்கள். யாரும் சொல்லி அதைச் செய்யவில்லை. அப்போது 90 நாள் தாண்டிய பாக்கி 42 லட்சம், இப்போது 17 லட்சம். ரெஸ்யூமேயில் இதற்கு ஈடான வரி 'பாக்கி விவரங்களைப் பராமரித்தல்'. உங்கள் ஆறு வருடத்தில் இருக்கும் நல்ல விஷயமே இதுதான், அதைப் போய் விட்டுவிட்டீர்களே!

ஆனால் 42-ஐயும் 17-ஐயும் அப்படியே எடுத்துப் போட்டுவிடக் கூடாது. பாக்கி குறைய வேறு காரணங்களும் இருக்கும். அந்த இரண்டு வருடத்தில் விற்பனையே சுருங்கியிருந்தால் பாக்கியும் தானாகச் சுருங்கும். உங்கள் நிறுவனத்தில் விற்பனை குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. அடுத்தது வாராக்கடன். போன மார்ச்சில் முதலாளி 6 லட்சத்தைத் தள்ளுபடி செய்ததாகவும் சொல்கிறீர்கள். அந்த 6 லட்சம் வசூலாகவில்லை, கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. ஆக 25 லட்சம் குறைந்ததில் அதைக் கழித்தால் 19 லட்சம். 42-இல் 19 என்பது 45 சதவீதம். உங்கள் வரிக்கு உரிய எண் அந்த 45. எதிரே உட்காருபவர் கணக்குத் தெரிந்தவராக இருந்தால் முதல் கேள்வியே 'ரைட் ஆஃப் எவ்வளவு?' என்றுதான் வரும். வரியிலேயே 'தள்ளுபடி நீங்கலாக' என்று இருந்தால் உங்கள் மேல் ஒரு நம்பிக்கை அங்கேயே பிறந்துவிடும். ரூபாயைப் போடாமல் சதவீதத்தைப் போடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறுவனத்தின் பாக்கி எவ்வளவு என்பது வெளியே போக வேண்டிய செய்தி இல்லை. அளவு தெரிய 'சுமார் 200 பார்ட்டிகள்' என்று சொன்னால் போதும்.

அப்புறம், இந்த வரியை எந்த வினையில் தொடங்குவது? கூகுளில் மனிதவளத் துறைக்குத் தலைமை வகித்த லாஸ்லோ போக் 2014-இல் ஒரு சூத்திரம் சொன்னார்: எதைச் சாதித்தீர்கள், எந்த அளவுக்கு, எதைச் செய்து. பலனை முன்னால் வைக்கும் இந்த வரிசை பல இடங்களில் நன்றாகப் பொருந்தும். உங்கள் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கடை கடையாக ஏறிப் பணம் வாங்கி வந்தவர்கள் விற்பனைக்காரர்கள். 'வசூலித்தேன்' என்று தொடங்கினால் அவர்கள் உழைப்பு உங்கள் பெயரில் வந்துவிடும். பலன் பலருக்குப் பொது என்றால், நீங்கள் மட்டும் செய்ததில் தொடங்குங்கள். தமிழில் சொன்னால் இப்படி:

"சுமார் 200 பார்ட்டிகளின் பாக்கியை நாள் வாரியாகப் பிரித்து விற்பனைப் பிரிவுக்கு வாரந்தோறும் தரும் பட்டியலைத் தொடங்கினேன். 2 ஆண்டில் 90 நாள் தாண்டிய பாக்கி 45 சதவீதம் குறைந்தது (தள்ளுபடி நீங்கலாக)."

ஆங்கிலத்தில் 'இன்ட்ரொட்யூஸ்ட்' முதலில் வரும், பலன் பின்னால் வரும். இதையே 'ஸ்பியர்ஹெடட்' என்று பெரிதாக்க வேண்டாம். ஒருவர் தனியாகச் செய்த வேலைக்குப் படை நடத்திய சொல் எதற்கு?

எல்லா வேலையிலும் இப்படி ஏதாவது குறைந்தது, கூடியது என்று காட்ட முடியாது. கணக்கு வேலையில் தவறு நடக்காததே பெரும்பாலும் பலன். அதற்கும் எண் உண்டு. ஜிஎஸ்டிஆர்-3பி மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 20. எந்த மாதத்தை என்றைக்குத் தாக்கல் செய்தீர்கள் என்பது ஜிஎஸ்டி தளத்திலேயே பதிவாகியிருக்கும். நீங்கள் பொறுப்பேற்றதிலிருந்து ஒரு மாதம்கூடத் தாமதக் கட்டணம் கட்டவில்லை என்றால் மாதங்களை எண்ணுங்கள். 'தொடர்ந்து 36 மாதம் தாமதக் கட்டணமின்றித் தாக்கல் செய்தேன்' என்பது முழுக்க உங்கள் வரி. நடுவில் ஒரு மாதம் தவறியிருந்தால் 'தொடர்ந்து' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வெறும் என்ட்ரி வேலைக்கு அளவு போதும். டேலியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற ரிப்போர்ட்டைத் திறந்தால் எந்த வகை வவுச்சர் எத்தனை என்று வந்துவிடும். அதை மாதத்துக்குச் சராசரியாக்கி 'சுமார்' சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தில் வேறு யாரும் என்ட்ரி போட்டிருந்தால் அவர்கள் பங்கைக் கழிக்க மறக்காதீர்கள்.

14 வரியை ஐந்தாக்குங்கள். ஐந்திலும் எண் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, மூன்றில் இருந்தால் போதும். ஒவ்வோர் எண்ணுக்கும் 'எங்கிருந்து எடுத்தீர்கள்?' என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல வர வேண்டும். வராததை அடித்துவிடுங்கள்.

இந்த வேலையை இந்த வாரமே முடியுங்கள். பழைய தேதியில் பாக்கி எவ்வளவு இருந்தது என்பதை டேலியில் F2 அழுத்தித் தேதியை மாற்றிப் பார்க்கலாம், பில் வாரியாகப் பதிவு செய்திருந்தால் மட்டும். ராஜினாமா கொடுத்த பிறகு அந்தக் கம்ப்யூட்டர் உங்களுடையது இல்லை. கோப்பு எதையும் நகல் எடுக்காதீர்கள். தேதியையும் மொத்தத்தையும் மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பார்ட்டிகளின் பெயர் அதில் வேண்டாம்.