சம்பளச் சீட்டில் தெரியும் வரியும், தவணையில் தெரியாத வட்டியும்

கேள்வி: சம்பளச் சீட்டில் வரிப் பிடித்தத்தைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. அதைக் குறைக்க மூன்று வருடமாக, வருடத்துக்கு ஒன்று என்று 10,000-க்கு ஒற்றைப் பிரீமியம் பாலிசி எடுக்கிறேன். மச்சான்தான் முகவர். வரியில் 2,000 மிச்சமாகிறது, ஐந்து வருடம் கழித்து 11,600 வரும். கையில் பணம் இல்லாததால் ஒவ்வொரு முறையும் 18 சதவீத வட்டிக்கு மூன்று வருடக் கடன் வாங்கிக் கட்டுகிறேன். மாதக் கடைசியில் கை காலி. இந்த வருடமும் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பாலிசியைப் பற்றிப் பிறகு பேசுவோம், உங்களைக் கடிப்பது அந்தக் கடன்.

ஒரு கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 362. மூன்று வருடத்தில் நீங்கள் திருப்பிக் கட்டுவது 13,000-க்குச் சற்று மேல். அதாவது 2,000 வரியை மிச்சம் பிடிக்க 3,000 வட்டி. பாலிசியில் கூடுதலாக வரும் 1,600-ஐயும் சேர்த்தால் ஐந்து வருடம் கழித்துக் கையில் நிற்பது 600 போல. கடனே வாங்காமல் அதே 362-ஐ மாதாமாதம் 5 சதவீத வைப்பில் போட்டு, மூன்று வருடம் முடிந்த பிறகும் எடுக்காமல் விட்டிருந்தால், ஐந்தாம் வருட முடிவில் வட்டி மட்டும் 2,500-ஐ ஒட்டி வந்திருக்கும். அந்த வட்டிக்கு 20 சதவீதம் வரி போனாலும் 2,000 கிட்ட மிஞ்சும்.

கணக்குத் தெரிந்தவர் நீங்கள். பிறகு ஏன் இது கண்ணில் படவில்லை? வரி தனிப் பதிவாக, எண்ணோடு அச்சாகி உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. வட்டி, தவணைக்குள் கரைந்து, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடுகிறது. தெரிவது வலிக்கிறது, தெரியாதது வலிப்பதில்லை.

இது அறியாமையால் வருவதில்லை. ராஜ் செட்டி, ஆடம் லூனி, கோரி க்ராஃப்ட் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2006-இல் வட கலிபோர்னியாவின் ஒரு பல்பொருள் அங்காடியில் இதைச் சோதித்தார்கள். அங்கே விற்பனை வரி அலமாரி விலைச்சீட்டில் இருக்காது, பணம் கட்டும்போதுதான் சேரும். மூன்று வாரம், அழகுசாதனப் பொருட்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் வரி சேர்த்த விலையையும் சீட்டில் ஒட்டினார்கள். கட்டும் தொகை ஒரு காசு கூட மாறவில்லை, ஆனால் விற்பனை 8 சதவீதம் போலக் குறைந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு வரி விகிதம் ஏற்கெனவே தெரியும். தெரிந்திருந்தும், கையை நீட்டும் அந்த நொடியில் அது மனதில் இல்லை.

உங்கள் தவணைக்கு இன்னும் நெருக்கமானது பொருளியலாளர் ஏமி ஃபிங்கல்ஸ்டைன் அமெரிக்கச் சுங்கச்சாவடிகளில் கண்டது. காசு எண்ணிக் கொடுப்பதற்குப் பதிலாகக் கருவி தானாகக் கழிக்கத் தொடங்கியதும், எவ்வளவு கட்டினோம் என்பதே ஓட்டுநர்களுக்குச் சரியாகத் தெரியாமல் போனது. கட்டணமும், பழைய முறை நீடித்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 20 முதல் 40 சதவீதம் அதிகமானது. தானாகக் கழியும் பணத்தின் சுபாவம் இது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விலைக்குள்ளேயே வரி அடங்கியிருந்தால், விலை அதிகம் என்று வாங்குபவர் ஒதுங்கத்தான் செய்வார். ஆனால் அதை வரி என்று எண்ணிக் கோபப்பட மாட்டார். 20 சதவீத வரி அடங்கிய பொருளை 12,000-க்கு வாங்கினால் அதில் 2,000 வரி. பாலிசி மிச்சப்படுத்தும் அதே 2,000! அதற்கு உங்கள் வயிறு எரிந்திருக்காது. அதையும் தவணையில் வாங்கினால் அந்த வரிக்கும் சேர்த்தே வட்டி கட்டுகிறீர்கள்.

இப்போது மாதம் 1,085 தவணையாகப் போகிறது. புதிதாக எதுவும் எடுக்காதீர்கள், இந்த வருடம் 2,000 அதிகமாக வரி போகட்டும். முதல் கடன் முடியும் கட்டத்தில்தான் இருக்கிறது. மூன்றும் தீர்ந்த பிறகு மாதம் 834 ஒதுக்கினாலே வருடத்துக்கு 10,000 சேர்ந்துவிடும். அப்போது வரிச் சலுகை உங்களுக்கு உண்மையான லாபம், ஏனென்றால் அதைத் தின்ன வட்டி இருக்காது. அப்போதும் வேறு என்ன வழி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பாலிசி. ஐந்து வருடத்துக்கு 1,600 என்பது வருடத்துக்கு 3 சதவீதம், அது போதாது.

மச்சானிடம் தகராறு வேண்டாம். ஒரு தாளில் "மிச்சமாகும் வரி" என்று ஒரு பக்கமும், "மொத்தமாகக் கட்டும் வட்டி" என்று மறுபக்கமும் எழுதி, இரண்டு எண்களையும் அவரையே நிரப்பச் சொல்லுங்கள்.