பிரீமியம் விற்க எந்தப் பங்கு ஏற்றது?

கேள்வி: ஆப்ஷன் விற்க, பிரீமியம் அதிகம் கிடைக்கும் பங்காகப் பார்த்து எடுத்தால் போதுமா?

போதாது. ஒரு பங்கைக் குறித்த விலையில், குறித்த தேதிக்குள் வாங்கவோ விற்கவோ தரும் உரிமைதான் ஆப்ஷன். அதை விற்று, அதன் விலையை முன்பணமாக வாங்கிக்கொள்வதுதான் பிரீமியம் விற்பது. காப்பீடு விற்பது போல: தவணை உங்களுக்கு, விபத்து நடந்தால் செலவும் உங்களுக்கே.

நான் முதலில் பார்ப்பது, வாங்க வருபவர் தரும் விலைக்கும் விற்பவர் கேட்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. வர்த்தகம் குறைந்த பங்கில் ஒரு ஆப்ஷனுக்கு 1.60 தருகிறார்கள், 2.40 கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடு மதிப்பு 2. உடனே விற்றால் கைக்கு வருவது 1.60. அப்புறம் நடு மதிப்பு 1 ஆகக் குறைகிறது. உங்கள் கணிப்பு சரிதான். ஆனால் அதே இடைவெளி இருந்தால் திரும்ப வாங்க 1.40 ஆகும். லாபம் 1 அல்ல, வெறும் 0.20. நிலைமை மோசமானால் இந்த இடைவெளி இன்னும் விரியும்; வெளியேற வேண்டிய நேரத்தில்தான் வழி அடைபடும். அதனால் இப்படிப்பட்ட பங்குகளை நான் தொடுவதே இல்லை.

அடுத்தது, காலாண்டு முடிவு வெளியாகும் தேதி. அது ஆப்ஷன் காலாவதிக்கு முன்னால் வந்தால் பிரீமியம் உப்பித் தெரியும். முடிவு வந்ததும் பங்கு ஒரே தாவலில் நகரலாம். நடுவில் நிறுத்தி வெளியேற விலையே கிடைக்காது.

பீட்டா குறைவு என்றால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சந்தையோடு பங்கு எவ்வளவு அசைகிறது என்பதை மட்டுமே பீட்டா காட்டும். அந்த நிறுவனத்துக்கே வரும் கெட்ட செய்தி அதில் தெரியாது.