40 டன் சரக்குக்கு எத்தனை லாட் விற்பது?

பதில் சொல்பவர் செம்பூர்வாசி. கமாடிட்டி புரோக்கிங்கில் ரிஸ்க் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர்.

தாராவி, இங்காட் வியாபாரி: அண்ணாச்சி, ஸ்கிராப் உருக்கி ஏடிசி 12 இங்காட் போடுறோம். எப்பவும் 40 டன் கையில நிக்கும். எம்சிஎக்ஸ் கமாடிட்டி சந்தையில அலுமினியம் ஃபியூச்சர்ஸ் ஒரு லாட் 5 டன். 8 லாட் வித்து வெச்சிட்டா விலை இறங்கினாலும் கவலையில்லன்னு புரோக்கர் சொல்றாரு. சரிதானா?

சரியில்லை தம்பி. எம்சிஎக்ஸில் ஓடுவது 99.7 சதவீதச் சுத்த அலுமினியம். நீங்கள் விற்பது சிலிக்கானும் செம்பும் கலந்த வார்ப்புச் சரக்கு. இரண்டும் ஒரே திசையில் போகும், ஆனால் ஒரே அளவில் போகாது.

நீங்கள் அனுப்பிய வாரக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உங்கள் இங்காட் விலை வாரத்துக்கு வாரம் மாறுவதன் திட்ட விலக்கம் கிலோவுக்கு 3.20 ரூபாய். ஃபியூச்சர்ஸுக்கு, அதாவது வருங்காலத் தேதிக்கு இப்போதே விலை பேசும் எம்சிஎக்ஸ் ஒப்பந்தத்துக்கு, அது 5 ரூபாய். இரண்டு மாற்றங்களும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் கோரிலேஷன் 0.75. கீழே ρ என்பது அந்தக் கோரிலேஷன், σS சரக்கின் திட்ட விலக்கம், σF ஃபியூச்சர்ஸின் திட்ட விலக்கம். h என்பது ஹெட்ஜ் ரேஷியோ, அதாவது விலை ஆட்டத்திலிருந்து காத்துக்கொள்ளச் சரக்கில் எவ்வளவு பங்குக்கு ஃபியூச்சர்ஸ் விற்பது என்ற விகிதம்.

h = ρ × σS / σF = 0.75 × 3.20 / 5 = 0.48

40 டன்னில் 0.48 பங்கு 19.2 டன். 5 டன் லாட்டில் 3.84, அதாவது 4 லாட்.

இப்போது மூன்று நிலையையும் ரூபாயில் பாருங்கள். ஒன்றுமே செய்யாவிட்டால் உங்கள் சரக்கின் மதிப்பு ஒரு வாரத்தில் ஆடும் அளவு 1,28,000. 4 லாட் விற்றால் அது சுமார் 84,800 ஆகக் குறைகிறது. புரோக்கர் சொன்ன 8 லாட் விற்றால் சுமார் 1,34,000! ஹெட்ஜ் இல்லாததைவிட மோசம். சரக்கில் இருக்கும் ஆட்டத்தைக் குறைக்கப் போய், ஃபியூச்சர்ஸின் பெரிய ஆட்டத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். h அரைக்குக் கீழே வந்தாலே முழு ஹெட்ஜ் சும்மா இருப்பதற்கும் கீழே போய்விடும். லாட் எண்ணிக்கை கூடினால் தரகும் கூடும், அது வேறு விஷயம்.

முலுண்ட், கணக்காளர்: ஹெட்ஜ் ரேஷியோ என்றால் கோரிலேஷன்தானே சார்? நான் ஒரு வருட விலைகளை எக்செலில் போட்டேன், 0.96 வருகிறது. அப்போது 96 சதவீதம் ஹெட்ஜ் செய்யலாமே.

பாதி சரி. கோரிலேஷன் வேண்டும்தான், ஆனால் அது மட்டும் போதாது. இரண்டு விலையும் சேர்ந்தே ஆடினாலும், ஒன்று 3 ரூபாய் ஆடும்போது இன்னொன்று 5 ரூபாய் ஆடினால் எடைக்கு எடை விற்கக் கூடாது. அதைச் சரிசெய்யத்தான் σS / σF.

பெரிய சிக்கல் அந்த 0.96. விலைகளையே நேரடியாகப் போட்டிருக்கிறீர்கள். ஒரு வருடம் முழுக்க ஏறுமுகமாக இருந்தால் அலுமினியத்தையும் தக்காளியையும் போட்டாலும் பெரிய எண் வரும். இந்த வார விலையிலிருந்து போன வார விலையைக் கழித்து, அந்த மாற்றங்களைப் போடுங்கள்.

எக்செலில் ஒரே வரியில் h வந்துவிடும். B பத்தியில் சரக்கின் மாற்றம், C பத்தியில் ஃபியூச்சர்ஸ் மாற்றம்:

```
=SLOPE(B2:B61,C2:C61)
```

வரிசை முக்கியம். மாற்றிப் போட்டால் தாராவிக் கணக்கில் 0.48க்குப் பதில் 1.17 வரும். 4 லாட் விற்க வேண்டியவர் 9 லாட் விற்பார், எக்செல் வாயே திறக்காது. கோரிலேஷனுக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. அதன் வர்க்கம், வேரியன்ஸில், அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கத்தில், ஹெட்ஜால் எவ்வளவு போகும் என்று சொல்லும். 0.75க்கு அது 56 சதவீதம். மீதி உங்களிடமே இருக்கும்.

சயான், எம்.காம் மாணவி: நான் சதவீத மாற்றத்தில் போட்டேன். இங்காட் விலை 200, அதன் ஆட்டம் 1.6%. ஃபியூச்சர்ஸ் 250, ஆட்டம் 2%. 0.75 × 1.6 / 2 = 0.6 வருகிறது. உங்களுக்கு 0.48. யார் கணக்கு தப்பு சார்?

இரண்டும் சரிதான் அம்மா. சதவீதத்தில் வந்த 0.6 பணத்துக்கான விகிதம், டன்னுக்கானது அல்ல. 40 டன் சரக்கின் மதிப்பு 80 லட்சம். ஒரு லாட்டின் மதிப்பு 12.5 லட்சம். 80ஐ 12.5ஆல் வகுத்தால் 6.4, அதை 0.6ஆல் பெருக்கினால் அதே 3.84. 0.6ஐ நேராக 40 டன்னில் பெருக்குபவர்தான் 5 லாட்டுக்குப் போவார்.

மாட்டுங்கா, பாத்திரக்கடை: எங்க கடையில பித்தளை ஸ்டாக் நிறைய இருக்கு. இந்த ஃபார்முலா போட்டா மாசம் எவ்வளவு லாபம் வரும்?

லாபம் வராது ஐயா. இது ஆட்டத்தைக் குறைக்கும் கணக்கு. பித்தளை விலை ஏறினால் ஹெட்ஜில் நஷ்டம்கூட வரும். உங்களுக்குச் செம்பு, துத்தநாகம் இரண்டிலும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு இரண்டு மாறி ரிக்ரஷன் வேண்டும். சில்லறைக் கடைக்கு அந்தப் பாடு தேவையா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

நவி மும்பை, டை-காஸ்டிங் யூனிட் பர்ச்சேஸ்: இங்காட் வாங்கும் பக்கம் நாங்கள். தினசரி டேட்டாவில் கோரிலேஷன் 0.31தான் வருகிறது. ஹெட்ஜே வேண்டாமா?

முதலில், நீங்கள் ஃபியூச்சர்ஸை வாங்க வேண்டும், விற்கக் கூடாது. தாராவி நண்பரின் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள்.

தினசரி எண்ணை நம்ப வேண்டாம். உங்கள் சப்ளையர் தரும் ரேட்டைப் பாருங்கள்: திங்கள், செவ்வாய், புதன் ஒரே எண், வியாழனன்று ஒரே தாவல். எம்சிஎக்ஸோ ராத்திரி வரை ஓடுகிறது. செவ்வாய் இரவு அங்கே நடந்தது உங்கள் ரேட்டில் வியாழன்தான் தெரிகிறது, அதனால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும். வார மாற்றமும் இரண்டு வார மாற்றமும் எடுத்துப் பாருங்கள். இடைவெளி நீள நீள எண் ஏறினால், கோளாறு ரேட் தரும் நேரத்தில்தான். ஏறாமல் 0.3லேயே நின்றால் உங்கள் சந்தேகம் நியாயம். 0.3க்கு 9 சதவீத வேரியன்ஸ்தான் போகும்.

தாராவி, இங்காட் வியாபாரி: 3.84ன்னா 4 போடவா, 3 போதுமா? அப்புறம் எத்தனை வாரக் கணக்கு எடுக்கணும்?

லாட் பற்றிக் கவலை வேண்டாம். 3 லாட்டில் வார ஆட்டம் சுமார் 87,000, 4இல் 84,800, 5இல் 89,500. அடிப்பகுதி தட்டையாகவே இருக்கிறது. 3 போட்டால் கையிருப்புப் பணத்துக்கு நல்லது. விலை கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் 4 லாட்டுக்கு 1 லட்சம் உடனே கட்ட வேண்டும். சரக்கு விற்ற பணமோ பார்ட்டி கொடுக்கும்போதுதான் வரும். ரொம்ப நுணுக்கமாக வேண்டுமென்றால் 1 டன் மினி லாட் இருக்கிறது, 19 மினி.

எத்தனை வாரம் என்பதில் எனக்கும் என் பழைய சகாவுக்கும் இன்னும் தகராறு. 2022 மார்ச்சில் லண்டனில் அலுமினியம் டன்னுக்கு 4,000 டாலரைத் தாண்டியது. அப்படி ஒரு மாதம் கணக்குக்குள் விழுந்தால் ஃபியூச்சர்ஸின் σ வீங்கிவிடும், கலவைச் சரக்கு அந்த அளவுக்கு ஏறாது, h சுருங்கும். அதை வெட்டி எறியக் கூடாது, அந்த மாதிரி நேரத்துக்குத்தான் ஹெட்ஜே என்பார் அவர். நான் கடைசி 60 வாரத்தோடு நிறுத்துவேன். நீங்கள் ஒன்று செய்யுங்கள்: பழைய 60 வாரத்தில் h கண்டுபிடித்து, அதற்கடுத்த 20 வாரத்தில் அதைப் போட்டு, ஆட்டம் நிஜமாகக் குறைந்ததா என்று பாருங்கள். பிறகு 120 வாரத்திலிருந்து எடுத்த h-ஐ வைத்து அதே 20 வாரத்தில் பாருங்கள். இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்புங்கள்.