விமானத்தில் வாந்தி வந்தால் ஸ்டீராய்டு மாத்திரையை என்ன செய்வது?

*அம்மாவுக்கு அடிசன் நோய், உடலில் ஸ்டீராய்டு ஹார்மோன் போதுமான அளவு சுரக்காது. ஹைட்ரோகார்டிசோன் காலை 7 மணிக்கு 10, மதியம் 12-க்கு 5, மாலை 5-க்கு 5 மி.கி. ஜூலையில் சென்னையிலிருந்து டொரொன்டோ போகிறோம், 22 மணி நேரப் பயணம். எந்த ஊர் நேரத்துக்குக் கொடுப்பது? ஊசி எப்போது போட வேண்டும்?*

வழி முழுக்க சென்னை நேரத்தையே பாருங்கள். காலை 10 மணிக்குக் கிளம்பினால் அன்றைய மூன்று வேளையும் வழக்கம்போல முடிந்துவிடும். அதன் பிறகும் பயணம் மிச்சம் இருக்கிறது. விழித்திருந்தால் இரவு 11-க்கு 5, விடியற்காலை 5-க்கு இன்னொரு 5 மி.கி. போதும். இறங்கும்போது அங்கே இரவு பத்தரை. தூங்கி எழுந்து, அந்த ஊர்க் காலை 7 மணிக்கு வழக்கமான 10. ஃப்ளூட்ரோகார்டிசோன் சாப்பிட்டால் அதையும் அங்கிருந்தே காலை நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். திரும்பும்போது இறங்கியதும் சென்னைக் காலை வேளையிலிருந்து தொடங்கினால் சரி. இந்தக் கணக்கை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றைய அளவை இரட்டிப்பாக்குங்கள், 39-ஐத் தாண்டினால் மும்மடங்கு. வாந்திதான் உண்மையான ஆபத்து, ஏனென்றால் மாத்திரை உள்ளே தங்காது. ஒருமுறை வாந்தி எடுத்தால் 20 மி.கி. கொடுத்து, ஓஆர்எஸ் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருகவையுங்கள். அரை மணிக்குள் மறுபடி வாந்தி வந்தாலோ, மயக்கம், குழப்பம், கடும் சோர்வு தெரிந்தாலோ 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் ஊசி. தேவையா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்: வீணாகப் போட்ட ஒரு ஊசியால் கெடுதல் இல்லை, தாமதத்தால் உண்டு.

மருந்துக் கடையில் வாங்கும்போது குப்பியில் ‘சோடியம் சக்சினேட்’ என்று இருக்கிறதா பாருங்கள். மூட்டில் போடும் ‘அசிடேட்’ மெதுவாக வேலை செய்வது, அவசரத்துக்கு ஆகாது. பலர் தூள் குப்பியை மட்டும் எடுத்துப் போய், கரைக்கும் ஊசி நீரை மறந்துவிடுகிறார்கள். இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள்: குப்பி, 2 மி.லி. ஊசி நீர், 2 அல்லது 3 மி.லி. சிரிஞ்சு, ஓர் அங்குல ஊசி. இன்சுலின் சிரிஞ்சு வேண்டாம், அதன் ஊசி தசை வரை போகாது. நீரைக் குப்பிக்குள் செலுத்தி, குலுக்காமல் சுழற்றிக் கரைத்து, தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் நேராகக் குத்துங்கள். அவசரத்தில் மெல்லிய துணி மேலேயே குத்தலாம். காலாவதியான குப்பியை வைத்து ஒரு ஆரஞ்சுப் பழத்தில் பழகிப் பாருங்கள்.

இதெல்லாம் கைப்பையில் இருக்கட்டும், சரக்குப் பெட்டியில் போட்டால் தேவைப்படும்போது கிடைக்காது. கூடவே ஊசியைக் குறிப்பிடும் மருத்துவர் கடிதம்.

ஸ்டீராய்டு அட்டையை பாஸ்போர்ட் உறையிலேயே வையுங்கள். நோயின் பெயர், தினசரி அளவு, ‘உடனே 100 மி.கி., பிறகு 24 மணி நேரத்தில் 200 மி.கி., சலைன்’ என்பதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஊசி போட்ட பிறகும் மருத்துவமனை போகத்தான் வேண்டும். கனடாவில் 911-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் ‘வாந்தி’ என்று தொடங்கினால் வரிசையில் உட்காரவைப்பார்கள். அட்டையை நீட்டி, முதல் வார்த்தையாக ‘அட்ரீனல் கிரைசிஸ்’ என்று சொல்லுங்கள், ஸ்டீராய்டு பற்றாக்குறையால் உயிருக்கே ஆபத்தான நிலை என்று அவர்களுக்குப் புரியும்.